சப்நெட் மாஸ்க்கும் வைல்ட்கார்டு மாஸ்க்கும்

ஐபி முகவரியை 192.168.10.40 என்று நான்கு பகுதிகளாக எழுதினாலும், ரவுட்டருக்கு அது 32 பிட் கொண்ட ஒரே எண்தான். அந்த 32 பிட்களில் எத்தனை பிட் நெட்வொர்க்கைக் குறிக்கின்றன, எத்தனை பிட் அதிலுள்ள தனிக் கணினியைக் குறிக்கின்றன என்பதைச் சொல்வது சப்நெட் மாஸ்க். அதில் 1 உள்ள இடமெல்லாம் நெட்வொர்க்கின் பங்கு, 0 உள்ள இடமெல்லாம் கணினியின் பங்கு. 1கள் எப்போதும் இடப்பக்கத்தில் தொடர்ச்சியாக நிற்கும், நடுவே இடைவெளி வராது.

வைல்ட்கார்டு மாஸ்க்கின் வேலை வேறு. சிஸ்கோ ரவுட்டர்களில் எந்தப் போக்குவரத்தை விடுவது, எதைத் தடுப்பது என்று எழுதும் ஆக்சஸ் லிஸ்ட்டில் அது வரும். ஒரு முகவரியை விதியோடு ஒப்பிடும்போது எந்த பிட்டைப் பார்க்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதை அது சொல்கிறது. இங்கே 0 என்றால் ‘இந்த பிட் பொருந்தியே ஆக வேண்டும்’. 1 என்றால் ‘எதுவாக இருந்தாலும் சரி’. சப்நெட் மாஸ்க்கில் உள்ள பொருளுக்கு இது நேர் எதிர். குழப்பம் முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் பிறக்கிறது.

எதிர் என்பதால் மாற்றும் கணக்கு எளிது. சப்நெட் மாஸ்க்கின் ஒவ்வொரு பகுதியையும் 255-இலிருந்து கழித்தால் வைல்ட்கார்டு மாஸ்க் கிடைக்கும். அதையே மறுபடி 255-இலிருந்து கழித்தால் பழைய சப்நெட் மாஸ்க் திரும்பி வரும்.

ஓர் அலுவலகத்தில் விருந்தினர் பிரிவின் கணினிகள் 192.168.10.32 என்ற நெட்வொர்க்கில், 255.255.255.224 என்ற மாஸ்க்குடன் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றை மட்டும் தடுத்து, மற்ற எல்லாரையும் விட வேண்டும். மாஸ்க்கின் முதல் மூன்று பகுதிகளும் 255, கழித்தால் 0. கடைசிப் பகுதியில் 255-இலிருந்து 224 போனால் 31. ஆக, விதி இப்படி அமையும்:

```
access-list 10 deny 192.168.10.32 0.0.0.31
access-list 10 permit any
```

31-ஐ பிட்டாக எழுதினால் 00011111. கடைசி ஐந்து பிட்களை ரவுட்டர் பார்க்காது, அதற்கு முந்தைய 27 பிட்களும் பொருந்த வேண்டும். எனவே 32 முதல் 63 வரை முடியும் 32 முகவரிகளும் விதிக்குள் வருகின்றன. வைல்ட்கார்டு எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் தொகுதியின் அளவு கிடைத்துவிடும் என்பது மனத்தில் நிறுத்த வேண்டிய சரிபார்ப்பு. தொகுதி தொடங்கும் எண் அந்த அளவின் மடங்காக இருக்க வேண்டும். 40-இல் தொடங்கி 71 வரை தடுக்க நினைத்து `192.168.10.40 0.0.0.31` என்று எழுதினால், அது 32 முதல் 63 வரையே பொருந்தும். 40 முதல் 71 வரை வேண்டுமென்றால் மூன்று வரிகள் தேவை: 40-இல் தொடங்குவதற்கு 0.0.0.7, 48-க்கு 0.0.0.15, 64-க்கு மறுபடி 0.0.0.7.

பழக்கதோஷத்தில் வைல்ட்கார்டு இருக்க வேண்டிய இடத்தில் சப்நெட் மாஸ்க்கையே தட்டிவிடுவது பலரும் செய்யும் பிழை. ரவுட்டர் அதை மறுக்காது என்பதுதான் ஆபத்து. `deny 192.168.10.32 255.255.255.224` என்று எழுதினால் முதல் 27 பிட்களை விட்டுவிட்டு, கடைசி ஐந்து பிட்களும் 0 ஆக இருக்கிறதா என்று மட்டும் அது பார்க்கும். 192.168.10.40-இன் கடைசி ஐந்து பிட்கள் 01000; பொருந்தாது. அடுத்த வரியில் `permit any` இருப்பதால் தடுக்க நினைத்த கணினி தாராளமாக உள்ளே போய்விடும். எங்கோ தொலைவில், 64-இலோ 96-இலோ முடியும் முன்பின் தெரியாத முகவரி ஒன்று வீணாகத் தடைபடும்.

இதைக் கண்டுபிடிக்க `show access-lists` கட்டளை போதும். எழுதிய 192.168.10.32 அங்கே இருக்காது. அதன் இடத்தில் 0.0.0.0 என்று நிற்கும். பார்க்கத் தேவையில்லாத பிட்களை ரவுட்டர் 0 ஆக்கிச் சேமிப்பதால் வரும் அடையாளம் இது.

வைல்ட்கார்டில் 1கள் தொடர்ந்து வர வேண்டிய கட்டாயம் இல்லை. `192.168.10.0 0.0.0.254` என்ற வரி இரட்டைப்படையில் முடியும் முகவரிகளை மட்டும் பிடிக்கும். இத்தகைய மாஸ்க்கை 255-இலிருந்து கழித்தால் முறையான சப்நெட் மாஸ்க் கிடைக்காது.

அதே சிஸ்கோவின் ஏஎஸ்ஏ ஃபயர்வாலில் ஆக்சஸ் லிஸ்ட் எழுதும்போது சப்நெட் மாஸ்க்கைத்தான் கொடுக்க வேண்டும். ரவுட்டரிலிருந்து விதிகளை அங்கே எடுத்துப் போவோர் ஒவ்வொரு மாஸ்க்கையும் மாற்றி எழுதிய பிறகே ஏற்ற வேண்டும்.