கோதுமையை நிறுத்தும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை

ஒரு பெண் குழந்தைக்கு 8 மாதத்தில் எடை 8 கிலோ. வயதுக்கு ஏற்ற எடைதான். அந்த மாதத்தில் ரவைக் கஞ்சியும் பிஸ்கட்டும் கொடுக்கத் தொடங்குகிறார்கள். 14 மாதத்தில் எடை 8.2 கிலோதான். இந்த இடைவெளியில் ஏறத்தாழ ஒன்றரை கிலோ கூடியிருக்க வேண்டும். வயிறு உப்பியிருக்கிறது, கை கால்களும் பிட்டமும் மெலிந்திருக்கின்றன. மலம் வெளிறி, அளவில் அதிகமாக, துர்நாற்றத்துடன் போகிறது. எப்போதும் சிணுங்கல். பூச்சி மருந்து கொடுத்தும் மாற்றமில்லை.

இப்படி ஒரு குழந்தையைப் பார்த்தால் மருத்துவர் சீலியாக் நோயை நினைப்பார். கோதுமை, பார்லி போன்றவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தால் உடலின் எதிர்ப்பு சக்தி தூண்டப்பட்டு, சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள் தேய்ந்துபோகின்றன. அதனால் சாப்பிட்டும் உடம்பில் ஒட்டுவதில்லை. கோதுமை சாப்பிட்ட சிறிது நேரத்தில் தடிப்போ வாந்தியோ வந்தால் அது பெரும்பாலும் அலர்ஜி. சீலியாக் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல வெளிப்படும்.

இரண்டு நாள் வயிற்றுப்போக்குக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம். இரண்டு வாரம் தாண்டியும் நிற்காவிட்டால், எடை ஏறாமல் நின்றுவிட்டால், இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் ரத்தசோகை தீராவிட்டால் கேளுங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ சீலியாக் இருந்தாலும் கேளுங்கள்.

முதலில் டி.டி.ஜி.-ஐ.ஜி.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை. கூடவே மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் பார்க்க வேண்டும். சிலருக்கு ஐ.ஜி.ஏ. பிறவியிலேயே குறைவு, அவர்களுக்கு நோய் இருந்தும் முடிவு 'நார்மல்' என்று வரலாம். முடிவு பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் எண்டோஸ்கோபி மூலம் சிறுகுடலில் சிறு திசு எடுத்து உறுதிசெய்வார்கள்.

பல வீடுகளில் பிழை நேர்வது இதற்கு முன்பே. 'கோதுமை ஒத்துக்கலை போல' என்று நிறுத்திவிட்டு, பிறகு மருத்துவரிடம் போகிறார்கள். குளூட்டன் இல்லாமல் இருந்தால் ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் குறையும், குடலும் ஆறத் தொடங்கும். பரிசோதனை ஏமாற்றிவிடும். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால், பரிசோதனைக்கு முன் குறைந்தது 6 வாரம் தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை உணவு தேவைப்படும். அதை மருத்துவர் சொல்லாமல் நீங்களாகத் தொடங்காதீர்கள்.

நோய் உறுதியானால் கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எல்லாவற்றையும் வாழ்நாள் முழுக்க விலக்க வேண்டும். கோதுமை மாவு கலந்த கூட்டுப் பெருங்காயமும் ஆகாது. இட்லி, தோசை, கேழ்வரகு, கம்பு தாராளமாகக் கொடுக்கலாம். வாழ்நாள் பத்தியம் என்பதால் அதைச் சந்தேகத்தின் பேரில் தொடங்கக் கூடாது. முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம்தான் பத்தியம்.