"முதல்ல அனுப்பினதே நல்லா இருந்துச்சு"

புடவைக் கடை விளம்பரத்துக்கு எடுத்த படம். மாடலுக்குப் பின்னாலிருக்கும் சாம்பல் திரையை எடுத்துவிட்டுக் கோயில் மண்டபம் வைக்க வேண்டும். வைத்து அனுப்பினால், "தூண் இருட்டா இருக்கு தம்பி" என்கிறார் கடைக்காரர். வெளுத்துக் கொடுத்தால் மண்டபமே வேண்டாம், தோட்டம் வையுங்கள் என்கிறார். தோட்டத்தைப் பார்த்ததும் சொல்கிறார்: "முதல்ல அனுப்பினதே நல்லா இருந்துச்சு."

ஃபோட்டோஷாப்பைத் திறந்தால் `Layer 7`, `Layer 1 copy 3` என்று வரிசையாக நிற்கின்றன. எது முதலில் அனுப்பியது? கண் படத்தை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அன்டூவும் உதவாது, கோப்பை மூடினாலே அந்த வரலாறு போய்விடும்.

வாடிக்கையாளர் எதை மாற்றச் சொல்வார் என்று யோசித்து லேயர்களைப் பிரிப்பதுதான் இதற்கு வழி. மாடல் ஒரு குரூப். முடியோரம் பார்த்துப் பார்த்து வெட்டிய மாஸ்க்கை லேயரில் போடாமல் அந்தக் குரூப்பின் மேல் போட்டால், உள்ளே எந்த நிறத்திருத்தம் சேர்த்தாலும் மாடலைத் தாண்டி வெளியே கசியாது. பின்னணிகளுக்கு `BG_mandapam`, `BG_thottam` என்று தனித்தனி குரூப். காலடி நிழலைப் பலரும் மாடலோடு வைத்துவிடுகிறார்கள். அது பின்னணிக்குச் சொந்தம். மண்டபத்தில் பக்கவாட்டு வெளிச்சம், தோட்டத்தில் தலைக்கு மேல் வெயில். பின்னணி மாறினால் நிழலும் மாற வேண்டும். அந்தந்தக் குரூப்புக்குள் அந்தந்த நிழல் இருந்தால் ஒரே கிளிக்கில் இரண்டும் மாறும். மண்டபத்தை வெளுக்கப் படத்தையே தொடக் கூடாது. கர்வ்ஸை `thoon_velicham` என்று தனி லேயராக, மண்டபக் குரூப்புக்குள் வையுங்கள்.

இனி கோப்பு. ஒவ்வொரு சுற்றையும் தொடங்கும் முன்பே புது எண்ணில் சேமித்துவிட வேண்டும்: `pudavai_v01.psd`, `pudavai_v02.psd`. அனுப்பும் ஜேபெக்குக்கும் அதே எண். அனுப்பிய எண்ணின் பிஎஸ்டியை அப்புறம் தொடவே கூடாது. `final` என்று பெயர் வைத்தவர்கள் எல்லோரும் `final2`-வில்தான் போய் நின்றிருக்கிறார்கள்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நாம் வைத்த பெயர் போய், அது தானே ஒரு பெயர் வைத்துக்கொள்ளும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் படத்தின் மூலையில் சின்னதாக v02 என்று எழுதிவிடுங்கள்.

நம் கடைக்காரரிடம் எண்ணைக் கேட்டால், அவர் "முதல்ல" என்றது v01 அல்ல, தூணை வெளுத்த v02 என்று தெரியவரும். அதிலும் "வெளிச்சம் கொஞ்சம் குறைக்கலாம்" என்பார். v03-ஐ v04 ஆகச் சேமித்து, தோட்டத்தை அணைத்து, மண்டபத்தை ஏற்றி, `thoon_velicham` லேயரின் ஒபாசிட்டியைப் பாதியாக்கினால் போதும், வேலை முடிந்தது.

பிஎஸ்டிகள் வட்டை அடைக்கத்தான் செய்யும். பில் பணம் கைக்கு வரும்வரை ஒன்றையும் அழிக்காதீர்கள்.