ஒரு பக்கம் போதாத சுயவிவரம்

போடிமெட்டு, பூப்பாறைப் பக்கம் நர்சிங் முடித்து ஜெர்மனி வேலைக்கு முயலும் பிள்ளைகளுக்கு ஒரு தகவல். கேரள அரசின் நோர்கா ரூட்ஸ் 2021 டிசம்பரில் ஜெர்மனியோடு ஒப்பந்தம் போட்ட பிறகு இந்த வழி விரிவடைந்திருக்கிறது.

நம் ஊரில் ஒரே பக்கத்தில் சுருக்கிய ரெஸ்யூமே கொடுத்துப் பழக்கம். ஜெர்மனி வேலைக்கு அனுப்பும் ஐரோப்பாவின் 'யூரோபாஸ்' சிவி இரண்டு, மூன்று பக்கம் போகலாம். சொந்த விவரம், வேலை அனுபவம், படிப்பு, மொழி, கணினித் திறன் என்று பகுதிகள் வரும். அண்மையில் பார்த்த வேலையை முதலில் எழுத வேண்டும்.

மாதமும் வருடமும் முக்கியம். 2021 ஜூனில் வேலையை விட்டு, 2022 மார்ச்சில் அடுத்ததில் சேர்ந்தீர்களா? ரெஸ்யூமேயில் வருடம் மட்டும் போட்டால் இடைவெளி தெரியாது. யூரோபாஸில் தெரியும், ஜெர்மானியர்கள் கேட்பார்கள். 'ஜெர்மன் மொழி வகுப்பு', 'வீட்டில் முதியவரைப் பராமரித்தேன்' என்று உண்மையை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

மொழிக்கு 'நன்றாகத் தெரியும்' என்பது போதாது. கேட்டல், வாசித்தல், உரையாடல், தொடர்ந்து பேசுதல், எழுதுதல் ஐந்துக்கும் ஏ1 முதல் சி2 வரை தனித்தனியாக நிலை குறிக்க வேண்டும். சான்றிதழில் பி1 இருந்தால் பி1 என்றே போடுங்கள். நேர்காணலே ஜெர்மனில் நடக்கலாம்.