பத்து ஹெர்ட்ஸ் குறைத்தால் பாதி மின்சாரம்

கோவை, திண்டுக்கல், ராஜபாளையம் வட்டாரத்து நூற்பாலைகளில் ரிங் ஃபிரேம் ஓடும் கூடத்துக்கு வெளியே, தடித்த சுவருக்குப் பின்னால் ஓர் அறை இருக்கும். ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் என்பது அதன் முழுப்பெயர். மில்லில் அதைப் ‘பிளான்ட்’ என்றே சொல்வார்கள். ஆள் உயர விசிறி ஒன்று வெளிக்காற்றை இழுத்து, தண்ணீர்ச் சாரல் வழியாகச் செலுத்திக் குளிரவும் ஈரமாகவும் ஆக்கிக் கூடத்துக்குள் தள்ளும். இன்னொரு விசிறி, கூடத்தில் சூடான காற்றைத் தரைக்கடியில் உள்ள சுரங்கம் வழியாகத் திரும்ப இழுக்கும். ரிங் ஃபிரேம் கூடத்தில் காற்றின் ஈரப்பதம் 55 முதல் 60 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும், பஞ்சுத்தூசி பறக்கும். கூடினால் ரோலர்களில் பஞ்சு சுற்றிக்கொள்ளும். அதனால் மில் ஓடும் நேரமெல்லாம், அதாவது பெரும்பாலும் 24 மணி நேரமும், இந்த விசிறிகளும் ஓடுகின்றன.

இந்த விசிறி ஒன்றின் வேகத்தைப் பத்தில் இரண்டு பங்கு குறைத்தால் மின்செலவு ஏறக்குறையப் பாதியாகிவிடும். கேட்கும்போது நம்ப முடியாத இந்தக் கணக்கு, பொறியாளர்கள் ‘அஃபினிட்டி விதிகள்’ என்று சொல்லும் மூன்று எளிய தொடர்புகளிலிருந்து வருகிறது.

முதல் தொடர்பு: விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு காற்று நகரும். வேகம் பாதியானால் காற்றும் பாதி. இரண்டாவது, அந்தக் காற்றைத் தள்ளத் தேவையான அழுத்தத்தைப் பற்றியது. சாரல் அறை, அதன் முன்னும் பின்னும் நிற்கும் தகடுகள், காற்றுக்குழாயின் வளைவுகள் எல்லாம் காற்றைத் தடுக்கின்றன. காற்று பாதி வேகத்தில் போனால் இந்தத் தடை பாதியாகக் குறைவதில்லை. கால் பங்காகக் குறைகிறது. விசிறி உண்டாக்கும் அழுத்தமும் அதே போல வேகத்தின் இருமடியாகத்தான் மாறுகிறது. இனி மூன்றாவது தொடர்பு தானாகவே வந்துவிடும். நொடிக்கு எவ்வளவு காற்று, அதை எவ்வளவு அழுத்தத்தில் தள்ளுகிறோம் என்ற இரண்டின் பெருக்கல்தான் விசிறி செய்யும் வேலை. பாதிக் காற்றை, கால் அழுத்தத்தில் தள்ளினால் எட்டில் ஒரு பங்கு மின்சாரம் போதும். அதாவது மின்சாரம் வேகத்தின் மும்மடியாக மாறுகிறது.

ஒரு விசிறியை எடுத்துக்கொள்வோம். மோட்டார் 22 கிலோவாட். 50 ஹெர்ட்ஸில் முழு வேகத்தில் ஓடும்போது 18 கிலோவாட் இழுக்கிறது. பகலில் கூரை வழியாக வெயிலின் சூடு இறங்குகிறது. ரிங் ஃபிரேம்கள் விடும் சூடும் அதோடு சேருகிறது. அப்போது முழுக் காற்றும் வேண்டும். இரவில் கூரைச் சூடு இல்லை. முழு வேகத்திலேயே விசிறி ஓடினால் ஈரப்பதம் அளவுக்கு மேல் ஏறும். முழுக் காற்றில் 80 விழுக்காடு போதும் என்று வைத்துக்கொண்டால், வி.எஃப்.டி. எனப்படும் வேகம் மாற்றும் கருவியில் 40 ஹெர்ட்ஸ் வைத்தால் போதும். 0.8-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.512. 18 கிலோவாட் 9.2 ஆகிறது. கருவி தானே தின்னும் மின்சாரத்தையும், குறைந்த சுமையில் மோட்டாரின் திறன் சற்றே இறங்குவதையும் சேர்த்து 10 என்று கொள்வோம். மணிக்கு 8 யூனிட் மிச்சம். இரவுக்குப் பத்து மணி நேரம் என்றால் 80 யூனிட். ஒரு யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று வைத்தால் ஓர் இரவுக்கு 560 ரூபாய், ஒரே விசிறியில்.

அதே 80 விழுக்காட்டுக் காற்றைப் பழைய வழியிலும் பெறலாம். காற்று போகும் வழியில் உள்ள டேம்பர் தகடுகளைக் கொஞ்சம் மூடினால் போதும். ஆனால் அப்போது விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டு, நாமே வைத்த தடையோடு முட்டிக்கொண்டிருக்கும். மின்சாரம் சிறிதளவே குறையும். பிளான்ட்களில் பரவலாக இருக்கும் அச்சுவழி விசிறிகளில் இன்னும் மோசம். இவற்றின் வழியை அடைத்தால் பல விசிறிகளில் மின்சாரம் குறையாமல் கூடவே செய்கிறது. அடைப்பு அதிகமானால் இறக்கைகளில் காற்று பிடிப்பு விட்டுப்போய், விசிறி அதிர ஆரம்பிக்கும்.

ஆனால் எல்லா இடத்திலும் வி.எஃப்.டி. தேவைப்படாது. வடிவமைப்பவர்கள் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே விசிறி வைப்பது வழக்கம். அப்படி வைத்ததில் பகலிலும் கோடையிலும்கூட டேம்பர் பாதி மூடியே கிடக்கிறது என்றால், வேகம் எப்போதுமே அதிகம் என்று பொருள். வி-பெல்ட்டில் ஓடும் விசிறியாக இருந்தால் மோட்டார் பக்கம் 200 மில்லிமீட்டர் கப்பிக்குப் பதில் 180 மில்லிமீட்டர் கப்பி மாட்டினால் போதும். வேகம் பத்து விழுக்காடு குறையும். 0.9-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.729. மின்சாரம் 27 விழுக்காடு குறைகிறது. செலவு ஒரு கப்பி, ஒரு செட் பெல்ட், ஒரு ஷிஃப்ட் வேலை. மோட்டார் தண்டிலேயே நேராகப் பொருத்திய விசிறியில் கப்பி இருக்காது. அங்கே இறக்கைகளின் சாய்வுக் கோணத்தைக் குறைக்கலாம். இந்த எளிய வழியைப் பார்க்காமலே பல மில்கள் நேராகக் கருவி வாங்கப் போவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

மும்மடி விதி எதிர்த்திசையிலும் அதே வலிமையோடு வேலை செய்யும். வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால் மின்சாரம் 33 விழுக்காடு கூடும், மோட்டார் தாங்காமல் போகலாம். இதே விதியின் இன்னொரு விளைவு மின்சார மிச்சம் தேடுவோரையே ஏமாற்றுவது உண்டு. பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டு உயர்திறன் மோட்டார் மாட்டுகிறார்கள். பழையதன் திறன் 91 விழுக்காடு, புதியது 93. மின்சாரம் இரண்டு விழுக்காடு குறைய வேண்டும். ஆனால் மீட்டர் கூட்டிக் காட்டுகிறது! காரணம் வேகம். பழைய மோட்டார் நிமிடத்துக்கு 1455 சுற்று சுற்றியது. புதியது வழுக்கல் குறைந்தது. 1475 சுற்று சுற்றுகிறது. வேகம் வெறும் 1.4 விழுக்காடுதான் கூடியது. ஆனால் மும்மடியில் அது 4 விழுக்காட்டுக்கு மேல். திறனில் கிடைத்த இரண்டு விழுக்காட்டைக் கழித்தாலும் செலவு ஏறத்தாழ இரண்டு விழுக்காடு கூடிவிடுகிறது. 18 கிலோவாட் காட்டிய இடத்தில் இப்போது 18.3-க்கு மேல். தேவையில்லாத காற்றும் கொஞ்சம் கூடுதலாகப் போகிறது. புதிய மோட்டாரோடு கப்பியையும் திருத்தினால்தான் வாங்கியதன் பலன் கைக்கு வரும்.

மிச்சம் உண்மையா என்று பார்க்க ஆம்பியர் மீட்டரை நம்பக் கூடாது. வி.எஃப்.டி. வந்தபின் பவர் ஃபேக்டர் மாறுவதால், உள்ளே வரும் ஆம்பியர் மின்சாரத்தைவிட அதிகமாகவே குறைந்து தெரியும். கருவிக்கு முன்னால் கிலோவாட்டை அளக்க வேண்டும். கூடவே பிளான்ட்டிலிருந்து மிகத் தொலைவில் உள்ள மூலையில் ஈரப்பதத்தையும் பார்க்க வேண்டும். காற்றைக் குறைத்ததும் முதலில் பட்டினி கிடப்பது அந்த மூலைதான். அங்கே நூல் அறுவது கூடினால் வேகம் அளவுக்கு மேல் குறைந்துவிட்டது என்று அறியலாம்.

இனி பம்புக்கு வருவோம். பம்புக்கும் இதே விதிகள்தான் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. பம்பின் வரைக்கும் அது உண்மை. ஆனால் பம்பு இணைந்திருக்கும் குழாய்வழி எப்படிப்பட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விசிறி தள்ளும் காற்று எங்கும் ஏறுவதில்லை. அது உரசலோடு மட்டும் போராடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் சம்ப்பிலிருந்து மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்போ, உயரத்தோடு போராடுகிறது. வேகத்தைக் குறைத்தாலும் கட்டடத்தின் உயரம் குறையாது.

சம்ப்பிலிருந்து தொட்டி 30 மீட்டர் உயரம் என்று கொள்வோம். பம்பு நொடிக்கு 10 லிட்டர் ஏற்றும்போது குழாய் உரசலுக்கு இன்னொரு 10 மீட்டர் அழுத்தம் தேவை. ஆக மொத்தம் 40. வால்வை மூடினால் பம்பு அதிகபட்சமாக 50 மீட்டர் அழுத்தம் காட்டும். இப்போது வேகத்தை 90 விழுக்காடாகக் குறைப்போம். அதிகபட்ச அழுத்தம் இருமடி விதிப்படி 40.5 மீட்டராக இறங்கும். தண்ணீர் வரத்து பத்து விழுக்காடு குறைவதோடு நிற்காது, நொடிக்கு 7.2 லிட்டருக்கு விழும். தண்ணீர் ஏற்றச் செலவாகும் வேலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். மீட்டரைப் பார்ப்பவர் மகிழ்ந்துபோவார். ஆனால் 20,000 லிட்டர் தொட்டி நிரம்ப முன்பு 33 நிமிடம் ஆனது. இப்போது 46 நிமிடம். ஒரு லிட்டருக்கு எவ்வளவு மின்சாரம் என்று கணக்கிட்டால் மிச்சம் 12 விழுக்காடு மட்டுமே. அந்த மிச்சமும் உரசலில் குறைந்ததால் வந்தது. ஏற்றும் உயரத்துக்கான செலவில் ஒரு பைசாகூடக் குறையவில்லை.

இன்னும் கீழே, 80 விழுக்காடு வேகத்துக்குப் போனால் அதிகபட்ச அழுத்தம் 32 மீட்டர். ஏற வேண்டியது 30. தண்ணீர் நொடிக்கு மூன்று லிட்டர்தான் வரும். தனக்கு ஏற்ற வரத்திலிருந்து வெகுதூரம் விலகிவிட்ட பம்பின் திறன் சரிந்து, ஒரு லிட்டருக்கான செலவு முழு வேகத்தில் ஆனதைவிடக் கூடிவிடக்கூடும். 77 விழுக்காட்டில் ஒரு சொட்டும் மேலே போகாது. பம்பு தனக்குள் இருக்கும் தண்ணீரையே கலக்கிச் சூடாக்கிக்கொண்டிருக்கும். அப்படியே விட்டால் சீல் கெட்டுப்போகும். மும்மடி விதியைக் காட்டிப் பாதி மின்சாரம் மிச்சம் என்று எழுதிக் கொடுக்கப்பட்ட கருவிகள், இப்படிப்பட்ட இடங்களில் சொன்னதைத் தராமல் போகின்றன.

வேகம் குறைத்துப் பலன் பெறும் பம்புகளும் உண்டு. பெரிய கட்டடங்களில் ஏ.சி.க்குக் குளிர்ந்த நீரைச் சுற்றிவிடும் பம்புகள் அப்படிப்பட்டவை. அங்கே தண்ணீர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி அதே இடத்துக்குத் திரும்புகிறது. ஏறியதும் இறங்கியதும் சமமாகிவிட, எஞ்சுவது உரசல் மட்டுமே. விசிறியைப் போலவே அங்கும் மும்மடி விதி பெரும்பாலும் பலிக்கும்.

உங்கள் குடியிருப்புக்கோ ஆலைக்கோ பம்பு வேகத்தைக் குறைக்கும் கருவி விற்க யாராவது வந்தால், கையெழுத்துப் போடும் முன் இரண்டு எண்களைக் கேளுங்கள். தண்ணீர் ஏற வேண்டிய உயரம் எத்தனை மீட்டர், குழாய் உரசலுக்குப் போவது எத்தனை மீட்டர். உயரத்தின் பங்கே பெரிது என்றால் மும்மடிக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. அந்தப் பணத்தில் சற்று அகலமான குழாயும் அந்த உயரத்துக்கு ஏற்ற பம்பும் வாங்குங்கள்.