காசு கொடுத்துப் போட வேண்டிய ஊசி எது?

தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டை போகிற சாலையில் இருக்கிற புதுக்கோட்டையில், ஒன்றேகால் வயதுக் குழந்தை உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பா துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறார். அம்மா வயிற்றில் இரண்டாவது குழந்தை, ஐந்தாம் மாதம். காய்ச்சலுக்காகக் குழந்தையை டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக் கொண்டுபோனபோது, "இதெல்லாம் இன்னும் போடலையே" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ரோட்டா வைரஸ், நிமோனியா ஊசி, சின்னம்மை ஊசி மூன்றும் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு மாத வருமானத்தில் பெரும்பகுதி போய்விடும். போடாமல் விட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். இந்த வீட்டுக்கு என்ன பதில் சொல்வது?

முதலில் சீட்டை மூடி வைத்துவிட்டு, தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்க்க வேண்டும். சீட்டில் உள்ள மூன்றில் இரண்டு, அரசு இலவசமாகவே போடுகிற ஊசிகள். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து தமிழ்நாட்டில் 2017 முதலும், நிமோனியா ஊசி என்கிற நிமோகாக்கல் ஊசி 2021 முதலும் அரசு அட்டவணையில் இருக்கின்றன. பல வீடுகளில் இன்னும் இவை இரண்டும் 'தனியாரில் மட்டும் கிடைப்பவை' என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூத்த பிள்ளைக்குக் காசு கொடுத்துப் போட்ட நினைவு அப்படியே தங்கிவிட்டது. ரோட்டா சொட்டு ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் கொடுப்பார்கள். நிமோகாக்கல் ஊசி ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம். புதன்கிழமை தோறும் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் போடுகிற ஊசிகளோடு இவையும் சேர்ந்தே வரும். அட்டையில் அந்தக் கட்டங்களில் தேதி எழுதியிருந்தால் பிள்ளைக்குப் போட்டாயிற்று. பிரசவம் தனியார் ஆஸ்பத்திரியில் நடந்திருந்தாலும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இந்த ஊசிகளை இலவசமாகப் பெறலாம்.

அட்டையைக் காட்டினால் சில இடங்களில் இப்படிச் சொல்வார்கள்: "நிமோகாக்கல் ஊசி அரசில் மூன்று தடவைதான், நாங்கள் நான்கு தடவை போடுவோம், அதுதான் முழுமை." இதைக் கேட்டுப் பதற வேண்டாம். முதல் வயதுக்குள் இரண்டு, பிறகு ஒரு ஊக்க ஊசி என்கிற முறை, உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் முறைகளில் ஒன்று. அது ஏழைகளுக்கென்று குறைத்துக் கொடுத்த அட்டவணை அல்ல. மண்ணீரல் அகற்றப்பட்ட குழந்தை, சிறுநீரகக் கோளாறோ பிறவி இதயக் குறையோ உள்ள குழந்தை, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிற குழந்தை ஆகியோருக்குக் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படலாம். அதை அந்தக் குழந்தையைப் பார்க்கிற மருத்துவர் காரணத்தோடு சொல்வார். காரணம் எதுவும் சொல்லாமல் நான்காவது ஊசிக்கு மூவாயிரத்துக்கு மேல் கேட்டால், "என் பிள்ளைக்கு எதற்காக இது கூடுதலாக வேண்டும்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அட்டையில் அந்தக் கட்டங்கள் காலியாக இருந்தால்? இங்கே இரண்டு ஊசிகளுக்கும் பதில் வேறு. ரோட்டா சொட்டைக் கைக்குழந்தைப் பருவத்தில்தான் தொடங்க வேண்டும். அரசு அட்டவணைப்படி முதல் சொட்டை ஒரு வயதுக்குள் கொடுத்தாக வேண்டும். தனியார் குழந்தை மருத்துவர்கள் இதைவிடவும் கறாராக, பதினைந்து வாரத்துக்குள் தொடங்கச் சொல்வார்கள். ரோட்டா வயிற்றுப்போக்கு உயிருக்கு ஆபத்தாவது பெரும்பாலும் முதல் இரண்டு வயதுக்குள்தான். தொடங்கத் தாமதமானால், குடலின் ஒரு பகுதி மற்றொன்றுக்குள் செருகிக்கொள்ளும் 'குடல் செருகல்' தானாகவே வருகிற காலமும் வந்துவிடும். 1999-இல் அமெரிக்காவில் ஒரு ரோட்டா மருந்தை இந்தக் காரணத்துக்காகவே திரும்பப் பெற்றார்கள். இன்று நம் குழந்தைகளுக்குக் கொடுக்கிற மருந்து வேறு. அதன் சோதனையில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் பங்கெடுத்தது. பிறகு இந்திய மருத்துவமனைகளில் நடந்த கண்காணிப்பில், இந்த மருந்தால் குடல் செருகல் கூடியதாகத் தெரியவில்லை. ஆனாலும் நம் அரசு அட்டவணையில் ஒரு வயது வரம்பு அப்படியே இருக்கிறது. ஆகவே ஒன்றேகால் வயதுக் குழந்தைக்கு ரோட்டா சொட்டை இப்போது தொடங்கச் சொன்னால் அது தவறான யோசனை. அந்தக் காசு மிச்சம். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாக மாத்திரையும் கொடுக்க வேண்டும். இரண்டும் அரசு நிலையங்களிலேயே கிடைக்கும்.

நிமோகாக்கல் அப்படியல்ல. முதல் ஊசியே ஒரு வயதுக்குள் போடாமல் போனால் இலவசத் திட்டத்தில் அதைத் தொடங்க முடியாது. ஆனால் குழந்தைக்கு ஆபத்து அதோடு முடிவதில்லை. ஐந்து வயதுவரை நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் வரலாம். ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் தொடங்கினால் எட்டு வார இடைவெளியில் இரண்டு ஊசி போதும். கைக்குழந்தைக்குப் போல மூன்று, நான்கு என்று போக வேண்டியதில்லை. தவறவிட்ட வீடுகள் காசு சேர்த்துப் போட வேண்டிய ஊசி இது என்பேன். ஒன்று போட்டு, மீதி பாதியில் நின்றிருந்தால் கதை வேறு. முதல் ஊசியை ஒரு வயதுக்குள் அரசில் போட்டிருந்தால், மீதியை அங்கேயே இலவசமாக முடிக்கலாம். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

நம் புதுக்கோட்டை வீட்டு அட்டையில் ரோட்டா, நிமோகாக்கல் இரண்டுக்கும் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சீட்டில் மிஞ்சுவது சின்னம்மை ஊசி மட்டும். "ஒன்பது மாசத்துல அம்மை ஊசி போட்டாச்சுல்லா, பிறகு இது எதுக்கு?" என்று பாட்டி கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்பது மாதத்திலும் ஒன்றரை வயதிலும் அரசில் போடுவது தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும். உடம்பெல்லாம் நீர்க்கொப்புளம் போடுகிற சின்னம்மை வேறு கிருமியால் வருவது. அதற்கு இலவச அட்டவணையில் ஊசியே இல்லை.

ஏன் இல்லை என்றால், சின்னம்மை பெரும்பாலான சிறு பிள்ளைகளுக்கு இரண்டு வாரத்தில் ஆறிவிடும். அதைவிட அதிகமாகக் குழந்தைகளைக் கொல்லும் நோய்களுக்கு அரசு முதலில் பணம் செலவிடுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் ஊசி போட்டு நிறுத்தினால், நோய் சிறுவயதை விட்டுப் பெரியவர்களுக்கு நகரும். அதனால்தான் நூற்றுக்கு எண்பது பிள்ளைகளுக்காவது தொடர்ந்து போட முடிந்தால் மட்டுமே பொதுத் திட்டமாக்குங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது.

பெரியவர்களுக்கு வரும் சின்னம்மை லேசானது அல்ல. நிமோனியாவாக முற்றலாம். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் சிறுவயதில் சின்னம்மை வராமலே வளர்ந்துவிடுகிறவர்கள் குளிர்நாடுகளைவிட அதிகம். கர்ப்பிணிக்கு வந்தால் அவருக்கும் ஆபத்து, சிசுவுக்கும் ஆபத்து. பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிருந்து இரண்டு நாள் பின்புவரை தாய்க்குக் கொப்புளம் கண்டால், பிறந்த குழந்தைக்கு மிகக் கடுமையாக வரும். அதனால் இந்த ஊசியை முடிவு செய்யும்போது பிள்ளையை மட்டும் பார்க்காமல், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். நம் லாரி ஓட்டுநர் வீட்டில் ஐந்து மாதக் கர்ப்பிணி இருக்கிறார். அவருக்குச் சிறுவயதில் அம்மை போட்டதா என்று அவருடைய அம்மாவிடம் கேட்க வேண்டும். போடவில்லை என்றால் மூத்த பிள்ளைக்கு இப்போதே ஊசி போடுவது அவருக்கும் காப்பு. கர்ப்பிணிக்கு இந்த ஊசி போடக்கூடாது, ஆனால் கர்ப்பிணி இருக்கிற வீட்டுப் பிள்ளைக்குப் போடலாம். ஊசி போட்ட பிள்ளைக்குக் கொப்புளம் கண்டால் மட்டும் அது காயும்வரை அம்மாவை ஒதுங்கியிருக்கச் சொல்லி, மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

முதல் ஊசி பதினைந்து மாதத்தில், இரண்டாவது அதற்கு மூன்று மாதம் கழித்து. ஒன்று சுமார் இரண்டாயிரம் ரூபாய். ஒரே ஊசி போட்டாலும் கடுமையான நோயை அது பெரும்பாலும் தடுத்துவிடும், லேசாக வருவதற்கு மட்டும் கொஞ்சம் வாய்ப்பு இருக்கும். இரண்டாவது அந்த இடைவெளியை அடைக்கிறது. கையில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், அந்த ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதைப் பிறகு போடலாம். தாமதமானாலும் முதல் ஊசி வீணாகாது. பக்கத்து வீட்டில் அம்மை போட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறார்கள், நம் பிள்ளை அங்கே நேற்றுவரை விளையாடியது என்றால், மூன்று நாளுக்குள் ஊசி போட்டால்கூட நோய் வராமலோ கடுமையாகாமலோ தடுக்க வாய்ப்புண்டு. பலருக்கும் இது தெரியாது. ரத்தப் புற்றுநோய்க்கோ வேறு நோய்க்கோ எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து, அதிக அளவு ஸ்டீராய்டு சாப்பிடுகிற குழந்தைக்கு இந்த ஊசி கூடாது, ஏனென்றால் இது உயிருள்ள வலுக்குறைத்த கிருமி. அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் சில மாதம் பொறுக்க வேண்டும். அரசில் தட்டம்மை–ருபெல்லா ஊசி போட்ட நாளிலேயே இதையும் போடலாம். இல்லையென்றால் நான்கு வார இடைவெளி விட வேண்டும். ஊசி போட்ட ஆறு வாரத்துக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது.

விலை குறையும் என்று மெடிக்கலில் மருந்தை வாங்கிக் கைப்பையில் போட்டு, பேருந்தில் கிளினிக்குக் கொண்டுபோகிற பழக்கம் இருக்கிறது. தூத்துக்குடி வெயிலில் இதைச் செய்யாதீர்கள். இந்த ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூட்டில் கெட்டுப்போனால் நிறம் மாறாது, போட்ட பிறகும் தெரியாது. அடுத்த கோடையில் பிள்ளைக்கு அம்மை போடும்போதுதான் தெரியவரும். வாங்கித்தான் வரச் சொன்னால், ஐஸ் பெட்டியோடு வாங்குங்கள். கிளினிக்கில் போட்டால் உங்கள் கண்முன் குப்பியை எடுக்கச் சொல்லி, காலாவதி நாளையும் அச்சிட்ட விலையையும் நீங்களே படியுங்கள். மருந்தைக் கலந்து வெகுநேரம் வைத்திருந்தால் போட வேண்டாம் என்று சொல்லலாம். குப்பியின் லேபிளைத் தடுப்பூசி அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள், அல்லது தொகுதி எண்ணை எழுதித் தரக் கேளுங்கள். மருந்தின் விலையும் ஊசி போடும் கட்டணமும் தனித்தனியாக உள்ள பில் வாங்குங்கள். மருந்துக்கு அச்சிட்ட விலைக்கு மேல் யாரும் வாங்கக் கூடாது.

ஊசி போட்டு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். பிறகு மயக்கம், மூச்சுத் திணறல், வலிப்பு என்று கடுமையாக ஏதாவது வந்தால் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவதோடு, கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லுங்கள். தனியாரில் போட்ட ஊசியானாலும் அரசு பதிவு செய்து விசாரிக்க வேண்டும். மருந்து எதிர்விளைவை 1800-180-3024 என்ற இலவச எண்ணிலும் தெரிவிக்கலாம். கூடுதல் விலை, பொய்யான காரணம் சொல்லி விற்ற ஊசி போன்றவற்றுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும், பில் இல்லாமல் அந்தப் புகார் நிற்பது கடினம்.

சின்னம்மைக்குப் பிறகும் கையில் காசு இருந்தால், டைபாய்டு ஊசியை அடுத்ததாக யோசிக்கலாம். ஆறு மாதம் ஆன குழந்தைக்கு ஒரே ஊசிதான், லாரித் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற தெருக்களுக்கு அது அர்த்தமுள்ளது. மற்றவற்றுக்கு அவசரமில்லை. அட்டையில் ஏதேனும் கட்டம் புரியவில்லை என்றால், கிளினிக்குக்குப் பணம் கட்டுவதற்கு முன் வருகிற புதன்கிழமை செவிலியரிடம் அதைக் காட்டிக் கேளுங்கள், இல்லையென்றால் 104-க்குப் போன் போடுங்கள்.