வரி அடங்கிய விலை: ஒரே பில்லில் பல வரி விகிதங்கள் இருந்தால் எப்படிப் பிரிப்பது?

118 ரூபாய்க்கு ஒரு பொருள் வாங்குகிறோம். விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கம். இதில் வரி எவ்வளவு என்று கேட்டால், பலரும் 118-இல் 18 சதவீதம் கண்டு 21 ரூபாய் 24 காசு என்பார்கள். சரியான விடை 18 ரூபாய். வரி விதிக்கப்படுவது பொருளின் அடிப்படை விலையான 100 ரூபாய்க்கு மட்டுமே. வரி சேர்ந்த 118 ரூபாய்க்கு இல்லை. அந்த 3 ரூபாய் 24 காசு என்பது வரிக்கே போடப்பட்ட வரி.

ஒரே ஒரு பொருள் என்றால் இந்தத் தவறு கண்ணில் பட்டுவிடும். மளிகைக் கடை பில்லில் வரியே இல்லாத பொருளும், 5, 18, 40 சதவீத வரியுள்ள பொருள்களும் கலந்து வருகின்றன. அங்கே தவறு மொத்தத் தொகைக்குள் ஒளிந்துகொள்கிறது. நுகர்வோர் ஏமாறலாம், கணக்குத் தெரியாத சிறு கடைக்காரர் தன் லாபத்திலிருந்து கூடுதல் வரி கட்டலாம், அல்லது குறைத்துக் கட்டிவிட்டுப் பின்னால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியோடு மாட்டிக்கொள்ளலாம்.

சட்டம் சொல்லும் வழி

மத்திய ஜிஎஸ்டி விதிகள், 2017-இன் 35-ஆம் விதி இதற்காகவே எழுதப்பட்டது. வரி சேர்ந்த தொகையை வரி விகிதத்தால் பெருக்கி, 100-உடன் மொத்த வரி விகிதத்தைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். கிடைப்பது வரி. அதை வரி சேர்ந்த தொகையிலிருந்து கழித்தால் மிஞ்சுவது அடிப்படை விலை.

ஆக, 5 சதவீதப் பொருளுக்கு 105-ஆல் வகுக்கிறோம், 18 சதவீதத்துக்கு 118-ஆல், 40 சதவீதத்துக்கு 140-ஆல். கணினியில் கணக்கு வைப்பவர்கள், B2-இல் வரி சேர்ந்த விலையும் C2-இல் வரி விகிதமும் இருந்தால், இப்படி எழுதலாம்:

```
=ROUND(B2*C2/(100+C2),2)
```

விதி எளிது. ஆனால் அதை ஒரே விகிதமுள்ள தொகைக்கு மட்டும்தான் பயன்படுத்த முடியும். எனவே பல விகிதங்கள் கலந்த பில்லில் முதல் வேலை, பொருள்களை விகிதவாரியாகப் பிரித்துக் கூட்டுவதுதான்.

ஒரு பில்லைப் பிரித்துப் பார்ப்போம்

2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த விகிதங்களின்படி ஒரு மாதிரி பில்லை எடுத்துக்கொள்வோம். எல்லாமே வரி அடங்கிய விலை.

- சில்லறையாக எடை போட்டு வாங்கிய அரிசி, வரி இல்லை: ரூ. 300
- கடலை எண்ணெய், 5 சதவீதம்: ரூ. 210
- பற்பசை, 5 சதவீதம்: ரூ. 105
- சலவைத் தூள், 18 சதவீதம்: ரூ. 236
- கேஸ் நிரப்பிய குளிர்பானம், 40 சதவீதம்: ரூ. 140

மொத்தம் 991 ரூபாய். அரிசியை முதலில் ஒதுக்கிவிடலாம். அதில் பிரிக்க எதுவும் இல்லை. எண்ணெயும் பற்பசையும் ஒரே விகிதம் என்பதால் சேர்த்து 315 ரூபாய். அதை 5-ஆல் பெருக்கி 105-ஆல் வகுத்தால் வரி 15, அடிப்படை விலை 300. சலவைத் தூளில் வரி 36, அடிப்படை விலை 200. குளிர்பானத்தில் வரி 40, அடிப்படை விலை 100. மொத்த அடிப்படை விலை 900, மொத்த வரி 91. இரண்டையும் கூட்டினால் 991 வருகிறதா என்பதுதான் முதல் சோதனை.

ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனை என்பதால் இந்த 91 ரூபாய், சிஜிஎஸ்டி 45.50, எஸ்ஜிஎஸ்டி 45.50 என்று சரிபாதியாகப் பிரியும்.

இதே பில்லில் வழக்கமாக இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, நான்கு விகிதங்களின் சராசரி எடுப்பது. 0, 5, 18, 40 ஆகியவற்றின் சராசரி 15.75. அதை வைத்து 991-ஐப் பிரித்தால் வரி 134 ரூபாய் 84 காசு என்று வருகிறது. உண்மையான வரியைவிட ஏறக்குறைய 44 ரூபாய் அதிகம். எந்த விகிதத்தில் எவ்வளவு ரூபாய்க்குப் பொருள் வாங்கினோம் என்பதைச் சராசரி பார்ப்பதே இல்லை. இரண்டாவது தவறு, வரி சேர்ந்த விலையையே நேரடியாக விகிதத்தால் பெருக்குவது. அப்போது வரி 114 ரூபாய் 23 காசு. விகிதம் ஏற ஏற இந்தப் பிழையும் பெருகும்: 5 சதவீதப் பொருள்களில் 75 காசுதான் வித்தியாசம், குளிர்பானத்திலோ 16 ரூபாய்.

காசு அளவிலான வித்தியாசத்தைக் கண்டு பதற வேண்டாம். 99 ரூபாய்ப் பொருளில் 5 சதவீத வரியைப் பிரித்தால் 4.71 வரும். சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டு முழுமையாக்கினால் 2.36 வீதம் 4.72 வரும். இது முழுமையாக்கலால் வருவது, மோசடி இல்லை.

தள்ளுபடி கொடுத்தால்

மொத்த பில்லுக்கு 10 சதவீதம் தள்ளுபடி என்று கடைக்காரர் 99 ரூபாய் 10 காசு குறைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விற்கும்போதே கொடுத்து பில்லில் காட்டப்படும் தள்ளுபடிக்கு வரி கிடையாது. எனவே அதை எல்லாப் பொருள்களுக்கும் அதனதன் விலை விகிதத்தில் பகிர்ந்து, அதன் பிறகுதான் வரியைப் பிரிக்க வேண்டும். 315 ரூபாய் 283.50 ஆகிறது, அதில் வரி 13.50. சலவைத் தூள் 212.40, வரி 32.40. குளிர்பானம் 126, வரி 36. மொத்த வரி 81 ரூபாய் 90 காசு.

வரியை முதலில் பிரித்துவிட்டு, பில்லின் கடைசியில் மட்டும் தள்ளுபடியைக் கழித்தால் வரி 91 ரூபாயாகவே நிற்கும். வாடிக்கையாளர் கொடுக்கும் தொகை மாறாது. ஆனால் கடைக்காரர் வாங்காத பணத்துக்கு வரி கட்டுகிறார். மாறாக, மொத்தத் தள்ளுபடியையும் 40 சதவீதப் பொருளின் மேல் ஏற்றினால் வரி குறைந்து தெரியும். அதைத் தணிக்கையில் நியாயப்படுத்த முடியாது.

துணிக்கடையில் ஒரு பொறி

விலையே விகிதத்தைத் தீர்மானிக்கும் பொருள்களில்தான் பிரிக்கும் கணக்கு உண்மையிலேயே சிக்கலாகிறது. ஆயத்த ஆடையில் ஓர் உருப்படியின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரை இருந்தால் வரி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18 சதவீதம். இங்கே விற்பனை மதிப்பு என்பது வரிக்கு முந்தைய விலை. விலைச்சீட்டில் இருக்கும் வரி சேர்ந்த தொகை இல்லை.

2,600 ரூபாய்ச் சட்டையை 2,500-ஐத் தாண்டிவிட்டது என்று 18 சதவீதத்தில் சேர்த்தால் தவறு. 5 சதவீதத்தில் பிரித்தால் அடிப்படை விலை 2,476.19, வரம்புக்குள்தான் இருக்கிறது.

வரி சேர்ந்த விலை 2,800 ரூபாய் என்றால் என்ன ஆகும்? 5 சதவீதத்தில் பிரித்தால் அடிப்படை விலை 2,666.67, வரம்பைத் தாண்டுகிறது, ஆகவே 18 சதவீதம் போட வேண்டும். 18 சதவீதத்தில் பிரித்தால் 2,372.88; வரம்புக்குள் வருகிறது, ஆகவே 5 சதவீதம்தான் போட வேண்டும். இரண்டு விடைகளும் தம்மைத்தாமே மறுக்கின்றன. அடிப்படை விலை சரியாக 2,500 என்றால் வரியோடு 2,625. அடிப்படை விலை 2,500-ஐத் தாண்டிய நொடியில் வரியோடு 2,950-க்கு மேல் போய்விடும். இடைப்பட்ட எந்தத் தொகையும் முறையான கணக்கில் பிறக்க முடியாது. ஆகவே துணிக்கடைக்காரர்கள் வரிக்கு முந்தைய விலையை முதலில் தீர்மானித்து, அதிலிருந்து விலைச்சீட்டு எழுத வேண்டும்.

வாங்குபவருக்கும் இதில் ஒரு பிடி இருக்கிறது. அடிப்படை விலை 2,372.88, வரி 18 சதவீதம் என்று பில்லில் அச்சாகியிருந்தால், தவறு பில்லின் முகத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த அடிப்படை விலைக்கு 5 சதவீத வரியோடு கொடுக்க வேண்டியது 2,491 ரூபாய் 52 காசு. 308 ரூபாய் 48 காசு ஏன் கூடுதல் என்று கேட்கலாம்.

உங்கள் உரிமைகள்

எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலை. 236 ரூபாய் அச்சிட்ட சலவைத் தூளுக்கு மேலே 18 சதவீதம் சேர்த்து 278 ரூபாய் 48 காசு கேட்பது சட்டவிரோதம். வரியை உள்ளிருந்து பிரித்துக் காட்டலாமே தவிர, மேலே ஏற்றக் கூடாது.

வரி செலுத்தக் கடமைப்பட்ட கடைக்காரர், விலையில் அடங்கிய வரித் தொகையைப் பில்லில் தெளிவாகக் காட்ட வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 33-ஆம் பிரிவு. 200 ரூபாய்க்குக் குறைவான விற்பனையிலும் நீங்கள் கேட்டால் பில் தர வேண்டும். பில் தர மறுப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடவடிக்கை என்கிறது.

ஜிஎஸ்டி பதிவு இல்லாத கடையும், இணக்க வரித் திட்டத்தில் இருக்கும் கடையும் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கவே கூடாது. அவர்கள் பில்லில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்ற வரிகளே இருக்கக் கூடாது. பிரித்துப் பார்க்கவும் எதுவும் இல்லை. பில்லில் உள்ள 15 இலக்கப் பதிவு எண்ணை www.gst.gov.in தளத்தில் தேடினால் கடை எந்த வகைப் பதிவில் இருக்கிறது என்று தெரியும்.

தவறு தெரிந்தால்

முதலில் கடையிலேயே கேளுங்கள்; பல நேரம் மென்பொருளில் பொருளுக்குத் தவறான விகிதம் பதிவாகியிருக்கும், பில்லைத் திருத்தி மீதியைத் தருவார்கள். மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கியிருந்தால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கீழ் இயங்கும் சட்டமுறை எடையளவுப் பிரிவை அணுகலாம். வாங்கக் கூடாத வரியை வசூலித்தால் வணிகவரித் துறைக்கு எழுதலாம். வரி என்ற பெயரில் வாங்கிய எந்தத் தொகையையும் கடைக்காரர் கையில் வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிப்பதில்லை. பணத்தைத் திரும்பப் பெறவும் இழப்பீடு கேட்கவும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

புகாரோடு பில்லின் நகலையும் எம்.ஆர்.பி. தெரியும்படி பொருளின் மேலுறைப் படத்தையும் சேருங்கள். அதோடு விகிதவாரியாக நீங்கள் பிரித்த கணக்கை ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எந்த விகிதத்தில் எவ்வளவு தொகை, வரி எவ்வளவு வந்திருக்க வேண்டும், எவ்வளவு வாங்கினார்கள். "வரி அதிகம் போட்டார்கள்" என்று மட்டும் சொல்லும் புகாரைத் தட்டிக் கழிக்கலாம். இந்தத் தாளுக்குக் கடைக்காரர் எண்களால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.