மொத்தமாகவா, மாதாமாதமா? 2008, 2009 விலைகள் காட்டும் கணக்கு

கையிலுள்ள தொகை முழுவதையும் மியூச்சுவல் ஃபண்டில் ஒரே நாளில் போடுவதா, அதையே பிரித்து மாதத் தவணையாக, அதாவது எஸ்.ஐ.பி. முறையில் போடுவதா என்ற கேள்விக்கு நடந்து முடிந்த விலைகளே நம்பத்தக்க விடையைத் தரும். ஆனால் அந்த விடை எந்த மாதத்தில் கணக்கைத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்துத் தலைகீழாக மாறிவிடும்.

நிஃப்டி 50 குறியீட்டிலுள்ள பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி வைத்திருக்கும் குறியீட்டு ஃபண்டை எடுத்துக்கொண்டு, குறியீட்டின் மாத இறுதிப் புள்ளியையே ஒரு யூனிட்டின் ரூபாய் விலையாகக் கொண்டால் கணக்கு எளிதாகும். ஈவுத்தொகை, ஃபண்டின் செலவு, தவணைக்காகக் காத்திருக்கும் பணத்துக்கு வங்கி தரும் வட்டி ஆகியவை இதில் சேரவில்லை.

குறியீடு 6,138.60-இல் இருந்த 2007 டிசம்பர் 31 அன்று 1,20,000 ரூபாயை மொத்தமாகப் போட்டவருக்கு ஏறத்தாழ 19.5 யூனிட்டுகள் கிடைத்திருக்கும். மூன்று ஆண்டுகள் கழித்து, 2010 டிசம்பர் 31 அன்று, குறியீடு 6,134.50-இல் நின்றதால், அவருடைய பணம் போட்ட அளவிலேயே இருந்தது. அதே நாளில் தொடங்கி, 2008 நவம்பர் வரை மாத இறுதிதோறும் 10,000 ரூபாய் போட்டவருக்கோ 28.3 யூனிட்டுகள் சேர்ந்து, அதே 2010 இறுதியில் அவற்றின் மதிப்பு சுமார் 1,73,700 ரூபாயாக உயர்ந்திருந்தது. மாதத் தவணையின் பெருமையைச் சொல்ல வருபவர்களுக்கு இதைவிட வசதியான காலப்பகுதி அமையாது.

தொடக்கத்தை ஓராண்டு தள்ளி வைத்தால், அதாவது குறியீடு 2,959.15-இல் இருந்த 2008 டிசம்பர் 31 அன்று தொடங்கினால், முடிவு மாறுகிறது. மொத்தமாகப் போட்ட 1,20,000 ரூபாய் 2010 இறுதியில் சுமார் 2,48,800 ஆகியிருக்க, 2009 நவம்பர் வரை பன்னிரண்டு தவணைகளில் போட்ட அதே தொகை 1,94,000-ஐ மட்டுமே எட்டியது. தேர்தல் முடிவு வெளியான 2009 மே மாதத்தில் மட்டும் குறியீடு 3,473.95-இலிருந்து 4,448.95-க்குத் தாவியதால், அதன்பின் கட்டிய தவணைகள் எல்லாம் ஏறிய விலையிலேயே யூனிட் வாங்க நேர்ந்தது.

இங்கேதான் "சராசரி விலை குறையும்" என்ற வாதத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். நிலையான தொகை, விலை குறைந்த மாதத்தில் அதிக யூனிட்டுகளை வாங்கும் என்பதால், ஒரு யூனிட்டுக்குக் கொடுத்த சராசரி விலை அந்த மாதங்களின் சராசரிச் சந்தை விலையைவிட எப்போதும் குறைவாகவே இருக்கும். 2008 கணக்கில் அது 4,464-க்கு எதிராக 4,238. 2009 கணக்கில் 3,997-க்கு எதிராக 3,795. இரண்டிலும் குறைந்துள்ளது, ஆனால் இரண்டாவதில் மாதத் தவணை தோற்றது. ஆகவே ஒப்பிட வேண்டியது மாதங்களின் சராசரியோடு அன்று, மொத்தமாகப் போட்ட நாளின் விலையோடுதான். 3,795 என்பது 2,959-ஐவிட அதிகம் என்பதே அந்தத் தோல்வியின் காரணம்.

இதைவிடக் கவலை தருவது வேறொன்று. 2008-இல் மாதத் தவணை வென்றது, அக்டோபர், நவம்பர் மாத இறுதிகளில் குறியீடு 2,885.60, 2,755.10 என்று விழுந்து கிடந்தபோதும் தவணை நிற்காமல் போயிருந்தால் மட்டுமே. உலகச் சந்தைகள் ஆட்டங்கண்ட அந்த வேளையில் அச்சப்பட்டு, செப்டம்பர் தவணையோடு நிறுத்திவிட்டு மீதி 20,000 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டவரின் மொத்த மதிப்பு 2010 இறுதியில் 1,50,200-க்குள் நின்றிருக்கும். மொத்த முதலீட்டைவிட மாதத் தவணை ஈட்டிய கூடுதல் தொகையில் ஏறத்தாழ 44 விழுக்காடு அந்தக் கடைசி இரண்டு தவணைகளிலிருந்தே வந்தது. நிறுத்திவிட வேண்டும் என்று மனம் சொல்லும் மாதங்களும் அவையே. விளம்பர அட்டவணைகளில் இந்த மனநிலைக்கு ஒரு வரிசை கிடையாது.

சம்பளத்திலிருந்து மாதாமாதம் சேமிப்பவருக்கு மொத்தமாகப் போடும் வாய்ப்பே இல்லாததால் இந்த ஒப்பீடு பொருந்தாது என்று கூறுவோரும் உள்ளனர், அது சரியே. ஆனால் ஓய்வூதியப் பணமோ நிலம் விற்ற தொகையோ கையில் வைத்திருப்பவர், ஓர் அட்டவணையைக் காட்டி முடிவெடுக்கச் சொல்பவரிடம், அதே ஃபண்டின் அதே கணக்கை 2007 டிசம்பர் இறுதியிலிருந்து மட்டுமன்றி 2008 டிசம்பர் இறுதியிலிருந்தும் போட்டுக் காட்டுமாறு கேட்க வேண்டும். இரண்டையும் காட்ட மறுப்பவரின் அட்டவணையை ஏற்கக் கூடாது.